கேஷ்பேக் பார்த்து வந்தவர் உண்மையிலேயே புது வாடிக்கையாளரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் கடை வைத்துக்கொண்டு இணையத்திலும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு நான் ஆர்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது வாலட் கேஷ்பேக் பற்றித்தான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டாக வருவது மசாலாவும் பலகாரமும் விற்கும் ஒரு கடை. அதன் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை எண்களைப் போட்டு அதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாலட் கம்பெனி அனுப்பிய அறிக்கையில் "260 புதிய வாடிக்கையாளர்கள்" என்று இருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

நம்ப வேண்டாம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. "புதியவர்" என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருளும் நீங்கள் வைத்திருக்கும் பொருளும் வேறு. பெரும்பாலும் அவர்கள் கணக்கில், இந்த வாலட்டால் உங்கள் கடையில் முதல் முறை பணம் கட்டியவர் எல்லாரும் புதியவர். ஆறு வருஷமாக பேநவ்வில் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் இன்றைக்கு ஐந்து வெள்ளி திரும்பி வருகிறதே என்று வாலட்டுக்கு மாறினால், அவரும் அந்த 260-இல் ஒருவர்தான்.

ஒருமுறை ஒரு கடைக்கார அக்காவோடு உட்கார்ந்து அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். அங் மோ கியோவுக்கு ஒரு ஆர்டர்: இரண்டு பாக்கெட் மீன் குழம்புப் பொடி, ஒரு டின் முறுக்கு. பக்கத்தில் "புதியவர்" என்று குறி. பெயரைப் பார்த்ததும் அக்கா சொன்னார்: "இவங்களா புதுசு? இவங்க கல்யாணத்துக்கே நாங்கதானே பலகாரம் கொடுத்தோம்."

அதனால் அறிக்கை வந்ததும் முதலில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதியவர் என்றால் உங்கள் வாலட்டுக்குப் புதியவரா, எங்கள் கடைக்குப் புதியவரா? எத்தனை மாதப் பழைய கணக்கோடு ஒப்பிட்டீர்கள்? கணக்கு ஆளுக்கா, வாலட் எண்ணுக்கா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

சரி, யார் புதியவர் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஆர்டர் பட்டியலே போதும். பெயரை நம்பாதீர்கள், ஒரே ஆள் நான்கு விதமாகப் பெயர் எழுதுவார். மின்னஞ்சலும் அவ்வளவு உதவாது. சலுகைக்காகவே இன்னொரு மின்னஞ்சல் திறப்பவர்கள் உண்டு, ஜிமெயிலில் நடுவே ஒரு புள்ளி கூட்டினாலும் குறைத்தாலும் அதே பெட்டிக்குத்தான் போகும். நம் ஊரில் கைகொடுப்பவை இரண்டு: கைப்பேசி எண், வீட்டுக் கதவு.

முதலில் கைப்பேசி. ஒருவர் +65 போட்டு எழுதுவார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். இடைவெளியை எடுத்துவிட்டுக் கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். A வரிசையில் தேதி, B-இல் கைப்பேசி எண், E-இல் சுத்தமாக்கிய எண் என்று வைத்துக்கொண்டால், முதல் சூத்திரம் E-க்கு. இரண்டாவது, அந்த எண்ணுக்கு இதற்கு முன் எத்தனை ஆர்டர் இருந்தது என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் அந்த எண் கணக்குக்குப் புதியது.

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),8)
=COUNTIFS(E:E,E2,A:A,"<"&A2)
```

அடுத்தது கதவு. சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்துக்கானது இல்லை, ஒரு கட்டடத்துக்கானது. வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அதோடு மாடியும் வீட்டு எண்ணும் சேர்ந்துவிட்டால் ஒரே ஒரு கதவுதான் மிஞ்சும். இப்படி வீட்டைத் துல்லியமாகச் சொல்லும் முகவரி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் கணக்கு கெட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போல பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடுகளை விரிதாள் வெறும் எண் என்று நினைத்து, முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். வீட்டு எண் 08-12 என்று இருந்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும். பட்டியலை இறக்குவதற்கு முன்பே அந்த இரண்டு வரிசைகளையும் எழுத்து வடிவமாக மாற்றி வையுங்கள். பிறகு சரிசெய்யப் பார்த்தால் எது எட்டாம் மாடி, எது ஆகஸ்ட் மாதம் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. உங்கள் இணையக் கடை மூன்று வருஷம் முன்னால் தொடங்கியது என்றால், அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பிலும் நோட்டிலும் ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லாரும் "புதியவர்" ஆகத்தான் தெரிவார்கள். அந்தப் பழைய பில் புத்தகத்தில் இருக்கும் எண்களை ஒரு பக்கமாக உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நான் பார்த்த கடைகளில் அதிகப் பொய்ப் புதியவர்கள் பிடிபட்டது இந்த ஒரு வேலையில்தான்.

நம் எடுத்துக்காட்டுக் கடையில் இதைச் செய்தால்: 260 பேரில் 121 பேரின் கைப்பேசி எண் பழைய பட்டியலில் இருக்கிறது. மீதி 139-இல் 31 ஆர்டர், ஏற்கெனவே நம்மிடம் வாங்கிய ஒரு வீட்டின் கதவுக்கே போயிருக்கிறது. மிச்சம் 108.

ஒரே வீட்டில் அம்மா ஒரு எண்ணில் வாங்குகிறார், மகள் இன்னொரு எண்ணில் வாங்குகிறாள். மகளைப் புதியவர் என்று சொல்லக்கூடாதா?

விற்பது சமையல் சாமான் என்றால் சொல்லக்கூடாது. அந்த அடுப்பில் ஏற்கெனவே உங்கள் மிளகாய்த்தூள்தான் இருக்கிறது. அம்மாவின் கைப்பேசியில் சலுகை முடிந்ததும் மகள் கைப்பேசி, அப்புறம் அப்பா கைப்பேசி என்று ஒரே வீடு மூன்று முறை "புதிதாக" வருவது சர்வ சாதாரணம். அவர்கள் மேல் தப்பில்லை. கணக்கு மட்டும் வீட்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். புடவை, நகை விற்பவர்களுக்கு ஆள் கணக்கே சரி.

தொழிலாளர் தங்கும் விடுதிக்குப் போகும் ஆர்டர்களில் மட்டும் கதவை வைத்துச் சேர்க்காதீர்கள். ஒரே அறையில் பல பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரும் தனி வாடிக்கையாளர். அலுவலக முகவரியும் அப்படித்தான். விடுதித் தம்பிகள் ப்ரீபெய்ட் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதால், அங்கே பழையவரே புதியவராகத் தெரியும் வாய்ப்பும் கூடுதல். அந்த ஆர்டர்களைத் தனியே ஒதுக்கிவைத்து, இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டுபவர் யார் என்றே எனக்குத் தெரியாதே?

உண்மைதான். 2018-இல் எஸ்ஜிக்யூஆர் வந்த பிறகு ஒரே அட்டையில் பல வாலட்கள் வேலை செய்கின்றன. ஆனால் உங்களுக்கு வருவது தொகையும் ஒரு பரிவர்த்தனை எண்ணும்தான். கல்லாவில் நடந்த கேஷ்பேக்கை வைத்துப் புதியவரைக் கண்டுபிடிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இணைய ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கேதான் எண்ணும் முகவரியும் இருக்கின்றன.

சலுகை போட்ட மாதம் புது ஆட்கள் கூடியிருக்கிறார்கள். அதுவே போதாதா?

எந்த மாதம் போட்டீர்கள் என்று பாருங்கள். நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் தீபாவளிக்கு முந்திய மாதத்தில்தான் கேஷ்பேக் போடுகிறார்கள். அந்த மாதம் சலுகையே இல்லாவிட்டாலும் தேக்கா பக்கம் கால் வைக்க இடம் இருக்காது.

"போன வருஷம் இதே தேதியோடு ஒப்பிட்டேன்" என்பார்கள். அதிலும் சிக்கல் இருக்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபர் முதல் பாதியை அக்டோபர் முதல் பாதியோடு ஒப்பிட்டால், ஒரு வருஷம் பலகாரக் கூட்டம் உச்சத்தில் இருக்கும், இன்னொரு வருஷம் ஆரம்பித்தே இருக்காது. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் என்று எண்ணி ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தாலும் அது ஊகம்தான். அந்த 108 வீடுகளில் சலுகை இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவை எத்தனை என்று அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரே நேர்மையான வழி, அதே நாள்களில், வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சலுகையைக் காட்டாமல் விட்டுப் பார்ப்பது.

பாதிப் பேருக்குக் காட்டாமல் விடுவது எப்படி?

நம் கடை வாலட் கம்பெனியோடு பேசும்போதே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சலுகை வாலட் செயலியில் வராது, கடையின் தளத்தில் மட்டும் தெரியும். 40 வெள்ளிக்கு மேல் வாங்கி முதல் முறையாக அந்த வாலட்டில் கட்டினால் 5 வெள்ளி திரும்பும், அந்த 5 வெள்ளி கடையின் காசு.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: புதிதாக உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நாணயம் சுண்டுகிற மாதிரி "அ" அல்லது "ஆ" என்று ஓர் எழுத்தைக் கொடு, அதை அவர் உலாவியில் குக்கியாக வை. "அ" என்றால் சலுகைப் பட்டை தெரியட்டும், "ஆ" என்றால் தெரிய வேண்டாம். ஆர்டர் விழும்போது அந்த எழுத்தும் ஆர்டரோடு பதிவாகட்டும். கடைசி வரிதான் உயிர். குழு எழுத்து ஆர்டர் பட்டியலில் ஒரு வரிசையாக வராவிட்டால் பிறகு எதையும் பிரிக்க முடியாது.

நான்கு வாரம் கழித்து எண்ணும்போது ஒரு தப்பு எல்லாரும் செய்வார்கள். "அ" குழுவில் கேஷ்பேக் வாங்கியவர்களை மட்டும் எண்ணுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. இரண்டு குழுவிலும், எந்த வழியில் பணம் கட்டியிருந்தாலும் சரி, உண்மையிலேயே புதிய வீடுகள் எத்தனை என்று எண்ண வேண்டும். "ஆ" குழுவில் பேநவ்வில் கட்டியவர், கார்டில் கட்டியவர் எல்லாரும் கணக்கில் சேர்வார்கள்.

நம் கடையில் "அ" குழுவில் 196 புது வீடு. அதில் கேஷ்பேக் வாங்கியவர்கள் முன்னே பார்த்த 108, மற்றவர்கள் வேறு வழியில் கட்டியவர்கள். "ஆ" குழுவில், சலுகை கண்ணிலேயே படாமல், 164 புது வீடு. வித்தியாசம் 32.

அறிக்கை 260 என்றது. சுத்தம் செய்தபோது 108 ஆனது. சலுகையால் வந்தவர்கள் என்று சொல்லக்கூடியவர்கள் 32. கொடுத்த கேஷ்பேக் 260 பேருக்கு 5 வெள்ளி வீதம் 1,300 வெள்ளி. அறிக்கைப்படி ஒரு புது வாடிக்கையாளருக்கு ஆன செலவு 5 வெள்ளி. உண்மையில் 1,300-ஐ 32-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 41 வெள்ளி.

குக்கி முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. காலையில் எம்ஆர்டியில் கைப்பேசியில் பார்த்தவர் இரவு வீட்டுக் கணினியில் வாங்கினால், இரண்டு குழுவிலும் இருப்பார். சில உலாவிகள் இந்த மாதிரி குக்கியை ஏழு நாளில் அழித்துவிடும். இப்படிக் கலந்துபோவதால் வித்தியாசம் உள்ளதைவிடக் கொஞ்சம் சிறிதாகத்தான் தெரியும். அதனால் 32 என்பது ஒருவேளை 35, 40 ஆக இருக்கலாம், ஆனால் 260-க்குப் பக்கத்தில்கூட வராது.

32 என்பது தற்செயலாக வந்த வித்தியாசமாக இருக்காதா?

இருக்கலாம். நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு பாதிகளும் கிட்டத்தட்ட சம அளவு என்றால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு எண்களையும் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைத் தாண்டவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள்.

196-உம் 164-உம் சேர்ந்து 360. வர்க்கமூலம் சுமார் 19. இரண்டு மடங்கு 38. நம் 32 அதைத் தாண்டவில்லை. அதாவது சலுகையால் ஒருவர்கூட வராமல், வெறும் நாணயச் சுண்டலாலேயே இந்த 32 வந்திருக்க வாய்ப்பு உண்டு.

எனவே கடை இன்னும் நான்கு வாரம் பொறுத்தது என்று வைப்போம். எட்டு வார முடிவில் 402-க்கு 331, வித்தியாசம் 71. கூட்டுத்தொகை 733, வர்க்கமூலம் சுமார் 27, இரண்டு மடங்கு 54. இப்போது தாண்டிவிட்டது. சலுகை ஆட்களைக் கொண்டுவருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். எத்தனை பேரை என்பதில் இன்னும் தாராளமான இழுவை இருக்கிறது: 71 கூட்டல் கழித்தல் 54, அதாவது 17-இலிருந்து 125 வரை எதுவும் இருக்கலாம். ஒரு வாரத்தில் பத்துப் புது வீடுதான் வரும் என்கிற சின்னக் கடைக்கு இந்தச் சோதனை மாதக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு நல்ல முடிவு வந்த நாளில் நிறுத்துவது பெரிய தப்பு. எத்தனை வாரம் என்று தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரு அக்காவுக்குக் கிடைத்தது, அவர் தங்கச்சிக்குக் கிடைக்கவில்லை. வந்து சண்டை போட்டால் என்ன செய்வது?

கொடுத்துவிடுங்கள். "என் தங்கச்சிக்கு ஏன் அஞ்சு வெள்ளி வரலை?" என்று கேட்பவரிடம் சோதனை, குழு என்றெல்லாம் விளக்கம் சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கில் மட்டும் தங்கச்சியை "ஆ" குழுவிலேயே வைத்திருங்கள். முதலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதுதான் கடைசிவரை. கேட்டு வாங்கியவர்களை "அ" குழுவுக்கு மாற்றினால், ஆர்வமாக வாங்குகிறவர்களை எல்லாம் ஒரு பக்கம் தூக்கிப் போட்டது போல ஆகிவிடும், சலுகை உள்ளதைவிட நன்றாக வேலை செய்த மாதிரி தோன்றும்.

எங்கள் சலுகை வாலட் செயலியிலேயே எல்லாருக்கும் தெரிகிறது. என்னால் மறைக்க முடியாது. என்ன செய்யலாம்?

மறைக்கக்கூடியவர்கள் வாலட் கம்பெனியினர். அவர்கள் நினைத்தால் தங்கள் பயனர்களில் ஒரு பகுதிக்கு உங்கள் சலுகையைக் காட்டாமல் விட்டு, இரண்டு பக்கத்திலும் உங்கள் கடையில் கட்டியவர்களை எண்ணித் தர முடியும். கேளுங்கள். அதில் ஒரு குறை மட்டும் உண்டு: காட்டப்படாதவர் உங்களிடம் பேநவ்வில் வாங்கினால் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சலுகையின் பலன் ஊதிப்போய்த் தெரியும்.

அவர்கள் மறுத்தால் வாரங்களைப் பிரியுங்கள். இரண்டிரண்டு வாரமாக எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் எந்த வாரம் சலுகை என்று நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். சம்பள வாரமும் 11.11 போன்ற பெருவிற்பனை நாள்களும் எப்போதும் ஒரே பக்கம் விழாமல் இருக்கத்தான் இந்த நாணயம். சலுகை எந்த வாரம் வரும் என்று முன்கூட்டி அறிவித்தால் மக்கள் காத்திருந்து வாங்குவார்கள், அறிவிக்காதீர்கள். வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கலாமே என்று கேட்கிறார்கள். இந்தச் சின்ன ஊரில் அது நடக்காது. ஜூரோங்கில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் இருப்பார், செயலியோ தீவு முழுக்க ஒன்றுதான்.

எங்கள் கடையில் கேஷ்பேக் கட்டணப் பக்கத்தில் மட்டும்தான் தெரியும். அதுவும் புது ஆட்களைக் கொண்டுவருமா?

கொண்டுவர வழியே இல்லை. கூடையில் சாமான் போட்டு, முகவரி எழுதி, பணம் கட்ட வந்து நிற்பவர் உங்களைத் தேடி ஏற்கெனவே வந்துவிட்டார். அந்த இடத்தில் தெரியும் சலுகையால் முடிவது இரண்டு: கடைசி நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறவரை நிறுத்தலாம், அல்லது எப்படியும் கட்டப் போகிறவரை வேறு வழியில் கட்ட வைக்கலாம்.

இங்கே எண்ண வேண்டியதும் மாறுகிறது. கட்டணப் பக்கம் வரை வந்த புதிய எண்களில் எத்தனை விழுக்காடு பணம் கட்டி முடித்தது என்று இரண்டு குழுவிலும் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு வரும்போது கைப்பேசி எண் ஏற்கெனவே கையில் இருப்பதால் குக்கி தேவையில்லை. எண்ணின் கடைசிக்கு முந்திய இலக்கம் ஒற்றைப்படை என்றால் காட்டு, இரட்டைப்படை என்றால் காட்டாதே என்று வைக்கலாம். கைப்பேசியிலும் கணினியிலும் அதே எண்தானே, ஆள் ஒரே குழுவில் நிற்பார். கடைசி இலக்கத்தை நான் தவிர்ப்பதற்குக் காரணம், ராசி என்று 8-இல் முடியும் எண்ணைத் தேடி வாங்குபவர்கள் இங்கே உண்டு.

கேஷ்பேக் காசை வாலட் கம்பெனிதான் போடுகிறது. எனக்கு என்ன நட்டம்?

பேநவ்வில் கட்டிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். அவர் வாலட்டுக்கு மாறினால் அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் வாலட் கட்டணம் போகும். உங்கள் ஒப்பந்தத்தில் அது 2 விழுக்காடு என்றால், 48 வெள்ளி பில்லுக்கு 96 காசு. சலுகை முடிந்த பிறகும் அவர் அந்தப் பழக்கத்திலேயே இருப்பார். சலுகைக்கு முன்னும் பின்னும் பழைய வாடிக்கையாளர்கள் எதில் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

71 புது வீடு வந்தது என்றால் சலுகை வெற்றிதானே?

அவர்கள் திரும்பி வந்தார்களா என்று பார்த்த பிறகு சொல்லலாம். எட்டு வாரத்தில் 528 பேருக்கு 5 வெள்ளி வீதம் 2,640 வெள்ளி போயிருக்கிறது. 71-ஆல் வகுத்தால் வீட்டுக்குச் சுமார் 37 வெள்ளி. ஒரு சராசரி 48 வெள்ளி ஆர்டரில் சரக்கு விலை, டெலிவரி, கட்டணம் எல்லாம் போகக் கடைக்கு நிற்பது 11 வெள்ளி என்று வைப்போம். அப்படியென்றால் ஒவ்வொரு புது வீடும் மொத்தம் நான்கு முறையாவது வாங்கினால்தான் போட்ட காசு வரும். முதல் ஆர்டரில் வந்தது 71 தடவை 11, அதாவது 781 வெள்ளி மட்டும்.

மசாலா ஒரு வீட்டில் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தீர்ந்துபோகும். அதனால் இந்தக் கடைக்கு 90 நாள் காத்திருந்தால் போதும். அதிரசம் மட்டும் விற்பவருக்கு 90 நாள் கணக்கு உதவாது, அடுத்த தீபாவளி வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கேயும் கேஷ்பேக் வாங்கியவர்களில் எத்தனை விழுக்காடு திரும்பினார்கள் என்று பார்த்து ஏமாறக் கூடாது. அவர்களில் பலர் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள், அவர்கள் திரும்பத்தான் செய்வார்கள், பெயர் மட்டும் சலுகைக்குப் போகும். மறுபடியும் குழுவோடு குழுவை ஒப்பிடுங்கள். "அ" குழுவின் 402 வீட்டில் 90 நாளுக்குள் கேஷ்பேக் இல்லாமல் இரண்டாவது ஆர்டர் கொடுத்தது 118. "ஆ" குழுவின் 331-இல் 112.

வித்தியாசம் 6. நம் வர்க்கமூலக் கணக்குப்படி 30-ஐத் தாண்ட வேண்டும், பக்கத்தில்கூட இல்லை. சலுகை கூடுதலாகக் கொண்டுவந்த 71 வீடுகளில் பெரும்பாலானவை 5 வெள்ளியை வாங்கிக்கொண்டு போய்விட்டன என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது. நானாக இருந்தால் இந்தச் சலுகையை இந்த உருவத்தில் தொடர மாட்டேன். அதே 5 வெள்ளியை, முதல் ஆர்டருக்குப் பின் 60 நாளுக்குள் வரும் இரண்டாவது ஆர்டருக்குத் திருப்பித் தருவதாக மாற்றுவேன். அதனால் முதல் முறை வருகிறவர்கள் குறையலாம். அதையும் பாதிப் பேருக்குக் காட்டாமல் விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இந்த முறை எண்ண வேண்டியது மூன்றாவது ஆர்டரை.

ஆட்களை அடையாளம் பார்க்க அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கலாமா? அல்லது என் பட்டியலை வாலட் கம்பெனிக்கே கொடுத்துவிடலாமா?

இரண்டும் வேண்டாம். சட்டப்படி தேவைப்படாத இடத்தில் கடைகள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1-இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஐந்து வெள்ளி கேஷ்பேக்குக்கு அந்த எண் எந்த வகையிலும் தேவையில்லை. கைப்பேசி எண்ணும் முகவரியும் நீங்கள் டெலிவரிக்காக வாங்கியவை. அவற்றை உங்கள் விற்பனைக் கணக்குக்கும் பார்ப்பீர்கள் என்று தளத்தின் தனியுரிமைப் பக்கத்தில் தெளிவாக ஒரு வரி சேருங்கள். வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் அந்தப் பட்டியலை வெளியே கொடுப்பது 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கவைக்கும். வாலட் கம்பெனியிடமிருந்து ஆர்டர் எண்களை நீங்கள் வாங்கி, ஒப்பிடும் வேலையை உங்கள் கணினியிலேயே செய்துகொள்ளுங்கள்.